கடைசிப் பெட்டியில் நான் எழுதாமல் விட்ட எண்

எனக்குக் கோபம் வரும். வந்தால் லேசில் போகாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஜொகூரில் ஸ்கூடாய் ஊரில் என் அலுவலகத்தில் இருக்கும் மூன்று பேருக்கும் அது தெரியும். இங்கே எழுதப்போகிற விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. கோபம் யார் மேல் என்பது போகப்போகத் தெரியும். ஒருத்தர் மேல் மட்டும் இல்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினெட்டு வயதில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய் சர்க்கியூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே குப்பையில் போட்ட ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் கையேட்டை ஒரு வருடம் படித்தேன். சி என்ற கணினி மொழியை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்று லோரி உதிரிபாகக் கடைகளுக்கு நான் எழுதிய புரோகிராம் ஜொகூர் முழுக்க ஓடுகிறது. பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் எழுதியது மூன்று வருடத்தில் மூலைக்குப் போய்விட்டது. என்னுடையது பதினைந்து வருடமாக ஓடுகிறது. இதைப் பெருமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பெருமைதான்.

அந்தப் புரோகிராமின் பெரிய வாடிக்கையாளர் ஒரு பாய். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஸ்கூடாய், உலு திராம், யோங் பெங் என்று பதினோரு உதிரிபாகக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் கல்லாப் பக்கத்தில் ஒரு டேப்லெட் நிற்கும். லோரிக்காரர் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். கடைக்காரர் பாக எண்ணைத் தட்டுவார். திரையில் படம் வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து “இதான்” என்று லோரிக்காரர் சொன்னால், அந்த எண் போட்ட பெட்டியை ஸ்டோரிலிருந்து எடுத்து வருவார்கள். பெட்டியைப் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் எல்லாமே அந்தப் படத்தை நம்பித்தான்.

படங்கள் எல்லாம் ஸ்கூடாயில் உள்ள ஒரே சர்வரில் இருக்கின்றன. யோங் பெங்கிலிருந்து கேட்டால் லைன் மெதுவாக இருக்கும்போது பத்து விநாடிகூட ஆகும். ஆகவே ஒருமுறை வந்த படத்தை டேப்லெட்டின் நினைவகத்திலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே காட்டும்படி செய்திருந்தேன். இதைத்தான் கணினிக்காரர்கள் கேஷ் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் தெரிவதற்கு முன்பே நான் அதை எழுதிவிட்டேன்.

நான் எழுதியதில் ஒரு குறை. வந்த படத்தை வைத்துக்கொள்ளும், எதையும் வெளியே போடாது. பாய் புதிதாகச் சீன லோரிகளின் பாகங்களையும் விற்க ஆரம்பித்தார். படங்கள் கூடின. பழைய டேப்லெட்டுகளின் நினைவகம் மத்தியானத்துக்குள் நிறைந்து, திரை அப்படியே நின்றுவிடும். கடைக்காரர்கள் அணைத்து அணைத்துப் போட்டார்கள். பாய் என்னைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் சரியாகவில்லையென்றால் என் புரோகிராமைப் பதினோரு கடையிலிருந்தும் தூக்கிவிட்டு ஒரு சிங்கப்பூர் கம்பெனியின் புரோகிராமைப் போடப்போவதாகச் சொன்னார். அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்து டை கட்டிக்கொண்டு விளக்கம் கொடுத்தார்களாம். பதினைந்து வருடம் நான் டை கட்டாமல்தான் அவர் கடையை ஓட்டிக்கொடுத்தேன்.

என்னிடம் ஒன்பது வருடமாக வேலை செய்கிற ஒரு பெண் இருக்கிறார். நாற்பதை நெருங்குகிறவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உலு திராமிலிருந்து வருவார். பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவர். அவர் உடனடி மருந்தாக ஒன்று செய்தார். முந்நூறு படம் சேர்ந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடும்படி மாற்றினார். திரை நிற்பது நின்றது. ஆனால் அழித்த அடுத்த அரைமணி நேரத்துக்கு எந்தப் படத்தைக் கேட்டாலும் சர்வருக்கு ஓடியது. தினமும் இருபது தடவை விற்கிற பிரேக் பாகத்தின் படமும் அதோடு போய்விட்டது. கடைக்காரர்கள் மறுபடியும் திட்டினார்கள்.

எல்லாவற்றையும் அழிக்கக் கூடாது, இடம் நிறைந்தால் எந்தப் படத்தை ரொம்ப நாளாக யாரும் கேட்கவில்லையோ அதை மட்டும் எடுத்துப் போட வேண்டும் என்றார் அவர். அது எனக்கும் தெரியும். எப்படி என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கடைசியாகக் கேட்ட நேரத்தை எழுதி வைத்தால், எடுத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் முந்நூறையும் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, தானே எழுதித் தருகிறேன் என்றார். புது மொழிகளில் அது கடையில் வாங்கின மாதிரி ரெடிமேடாகவே வருகிறதாம், பழைய டேப்லெட்டில் சி என்பதால் கையால் எழுத வேண்டியிருக்கிறதாம்.

அந்த ‘வேண்டியிருக்கிறதாம்’ எனக்குச் சுட்டது. சி என்னமோ நோய் மாதிரி. “நானே எழுதுறேன், நீங்க மத்த வேலையப் பாருங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறந்து, கதவை உள்ளே சாத்திக்கொண்டு எழுதினேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன், மூன்று மணிக்கு முடித்தேன். இடையில் சாப்பிட ஒரு ரொட்டி சானாய், குடிக்க இரண்டு தே தாரிக். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த எழுத்தில் முக்கால்வாசி அழகான எழுத்து.

இரண்டு சாமான் வேண்டும். ஒன்று ஹேஷ் மேப். பாக எண்ணை ஒரு கணக்குக்குள் போட்டால் ஓர் அறையின் எண் கிடைக்கும். அந்த அறைக்கு நேராகப் போகலாம், தேட வேண்டியதில்லை. இரண்டு பாக எண்களுக்கு ஒரே அறை கிடைத்தால் அறைக்குள் இரண்டு சீட்டு இருக்கும், சீட்டில் உள்ள பாக எண்ணைப் பார்த்து நம்முடையதை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சீட்டிலும் பாக எண்ணும், படம் நினைவகத்தில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற முகவரியும் இருக்கும்.

இன்னொன்று அந்தப் பெட்டிகளின் வரிசை. கிளினிக்கில் வரிசையில் நிற்கிறவர்கள் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரையும் பிடித்திருக்கிறார், பின்னால் நிற்பவரையும் பிடித்திருக்கிறார். நடுவில் ஒருவரை வெளியே இழுத்தால் அவர் விட்ட இரண்டு கைகளையும் ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டால் போதும். முன்கையை மட்டும் பிடித்திருந்தால், பின்னால் யார் என்று கண்டுபிடிக்க வரிசை முழுக்க நடக்க வேண்டும். அதனால்தான் இரண்டு பக்கமும் பிடிப்பு. வரிசையின் இரண்டு முனையிலும் படமே இல்லாத இரண்டு பொம்மைப் பெட்டிகளை நிறுத்தினேன். அப்போதுதான் ‘வரிசை காலியாக இருந்தால்’, ‘இவர் முதல் ஆளாக இருந்தால்’ என்று தனித்தனியாக எழுத வேண்டியிருக்காது. எந்தப் பெட்டிக்கும் எப்போதும் முன்னால் ஒன்று இருக்கும், பின்னால் ஒன்று இருக்கும். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். பிறகுதான் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. இருந்தாலும் நானே கண்டுபிடித்ததுதான்.

ஒரு படத்தைக் கேட்டால் மேப் வழியாக நேராகப் பெட்டிக்குப் போகும். பெட்டியை வரிசையிலிருந்து பிடுங்கித் தலைப்பக்கம் வைக்கும். இப்படியே செய்தால், யாரும் கேட்காத படம் தானாக வால்பக்கம் ஒதுங்கிவிடும். புதுப் படம் வரும்போது இடம் நிறைந்திருந்தால் வாலில் இருக்கும் கடைசிப் படத்தை எறிந்துவிட்டு, அந்தப் பெட்டியிலேயே புதுப் படத்தைப் போட்டுத் தலைப்பக்கம் கொண்டுபோய் வைக்கலாம். முந்நூறு பெட்டியையும் முதலிலேயே செய்து வைத்துவிட்டேன், புதிதாக ஒரு பெட்டியும் வேண்டாம். எத்தனை படம் இருந்தாலும் வேலை ஒரே அளவுதான்.

திங்கட்கிழமை ஸ்கூடாய் கடையின் இருநூறு பாகங்களை மாற்றி மாற்றிக் கேட்டுச் சோதித்தேன். மின்னலாக வந்தது. அன்றைக்கே பதினோரு கடைக்கும் அனுப்பிவிட்டேன். பாய்க்குப் போன் போட்டு, டை கட்டினவர்களிடம் இதைக் காட்டச் சொன்னேன்.

அந்தப் பெண் என் எழுத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு மற்ற இருவர் முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

“பாஸ், கடைசிப் பெட்டிய எடுக்கும்போது மேப்ல அதோட சீட்ட எப்படி அழிக்கிறீங்க?”

“ஓடுற வண்டிய நிறுத்தி என்ஜின் எங்க இருக்குன்னு கேக்குறீங்களா? நீங்க பிறக்கறதுக்கு முன்னாலயே நான் பெட்டி எண்ணினவன்மா.”

அவர் தன் மேசைக்குத் திரும்பினார். மற்ற இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் கேட்டது எனக்குப் புரியவே இல்லை, அதுதான் உண்மை. புரியாததால்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேன்.

புதன்கிழமை யோங் பெங்கில் ஆரம்பித்தது. நெடுஞ்சாலைச் சந்திப்பு ஊர். எல்லாத் தினுசு லோரியும் வந்து நிற்கிற கடை அது. மற்ற கடைகளில் ஒரு வாரத்தில் கேட்கிற பாகங்களை அங்கே இரண்டு நாளில் கேட்டுவிடுவார்கள். முதலில் கடைக்காரர் சிரித்துக்கொண்டே போன் செய்தார். பிரேக் சேம்பர் எண்ணைத் தட்டினால் வாட்டர் பம்ப் வருகிறது என்றார். தப்பாகத் தட்டியிருப்பீர்கள் என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் வந்தது. அணைத்துப் போடச் சொன்னேன். போட்டதும் சரியாகிவிட்டது. நான் விட்டுவிட்டேன்.

வாட்டர் பம்ப் வந்தால் யாருக்கும் தெரியும். பிரேக் ஷூவுக்குப் பதில் வேறு அளவு பிரேக் ஷூ வந்தால்? எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற ஒரு லோரிக்காரர் வியாழக்கிழமை காலையில் வந்தார். தட்டிய எண் ஒரு பாகத்துடையது, திரையில் வந்த படம் வேறொரு பாகத்துடையது. படம் அவருடைய பழைய பாகத்தோடு பொருந்தியது. “இதான்” என்றார். ஸ்டோரிலிருந்து எண்ணுக்கு உரிய பெட்டி வந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பார்த்தால் அளவு சேரவில்லை. லோரி நிறையக் குலை. அன்றைக்கே மில்லுக்குப் போக வேண்டியது, அடுத்த நாள் வரை வெயிலில் நின்றது. மில்லில் அதை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் கூப்பிட்டார். நான் எப்போதும் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவேன். அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, யாரு எழுதினது இத? அந்தப் படிச்ச பொம்பளதானே? நீங்க பதினஞ்சு வருஷமா ஒரு தப்பு பண்ணல. அவங்க கை வச்சாங்க, படம் மாறிப் போச்சு. அவங்கள அனுப்பிடுங்க. அனுப்பிட்டா உங்க புரோகிராம் இருக்கும். இல்லன்னா நாளைக்கே சிங்கப்பூர்க்காரன வரச் சொல்றேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நாளைக்கு நேர்ல வரேன் பாய்” என்றேன். அவ்வளவுதான். போனை வைத்தேன். எழுதினது நான் என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொல்லவில்லை.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு பெட்டி வரைந்தார். பக்கத்தில் மேப் என்று எழுதிக் கோடு போட்டார். தாளை என் பக்கம் திருப்பினார்.

“முந்நூறு வேணாம் பாஸ். ரெண்டு பெட்டின்னு வச்சு ஓட்டிப் பாருங்க.”

இந்த முறை நான் கத்தவில்லை. முந்நூறு என்று இருந்த இடத்தில் இரண்டு என்று மாற்றி ஓட்டினேன். ஒன்றாம் எண்ணைக் கேட்டேன், அதன் படம் வந்தது. இரண்டாம் எண்ணைக் கேட்டேன், அதுவும் சரி. மூன்றாம் எண்ணைக் கேட்டேன். இடம் இல்லை. வாலில் இருந்தது ஒன்றாம் எண். அதை எறிந்துவிட்டு அதே பெட்டியில் மூன்றின் படம் உட்கார்ந்தது. மறுபடி ஒன்றைக் கேட்டேன். ஒன்றின் சீட்டு மேப்பில் அப்படியே இருந்தது, அதே பெட்டியின் முகவரியோடு. திரையில் மூன்றின் படம் வந்தது.

ஆளைக் காலி செய்துவிட்டு வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவிட்டேன். கடிதம் புதிதாகக் குடிவந்தவனுக்குப் போகிறது.

ஏன் அழிக்கவில்லை? அழிக்க முடியாது. வாலில் இருக்கும் பெட்டியைத் தூக்கினால் அது எந்தப் பாக எண்ணின் பெட்டி என்று எனக்குத் தெரியாது. பாக எண்ணை நான் பெட்டிக்குள் எழுதவே இல்லை. மேப் சீட்டில்தான் ஏற்கனவே இருக்கிறதே, ஒன்றையே இரண்டு இடத்தில் எழுதுவானேன், நினைவகம் வீணாகுமே என்று விட்டுவிட்டேன். குப்பைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணி எழுதக் கற்றவனுடைய புத்தி அது. படம் ஒவ்வொன்றும் எத்தனை ஆயிரம் பைட், அதன் பக்கத்தில் ஒரு பாக எண் பன்னிரண்டு பைட். அந்தப் பன்னிரண்டில்தான் நான் சிக்கனம் பார்த்தேன். என்னை விடச் சின்ன வயதுக்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். அவர்களுக்கு இந்தச் சிக்கனமே தெரியாது.

சோதனையிலும் அதே மடத்தனம். இருநூறு பாகத்தை வைத்து முந்நூறு பெட்டியைச் சோதித்தேன். ஒரு தடவைகூட நிறையவில்லை. வாலை எடுக்கும் பகுதி ஒரு தடவைகூட ஓடவில்லை. ஓடாத வண்டியை ஓடுகிற வண்டி என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி செய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியில் பாக எண்ணுக்கு ஓர் இடம். புதுப் படம் வைக்கும்போது அதையும் எழுத வேண்டும். வாலை எடுக்கும்போது, புதியதை வைப்பதற்கு முன்னால், பழைய எண்ணைப் படித்து மேப்பிலிருந்து அந்தச் சீட்டைக் கிழிக்க வேண்டும். இரண்டு பெட்டி வைத்து ஓட்டினோம், ஒன்று வைத்தும் ஓட்டினோம். ஒன்றாம் எண் காணாமல் போய், சர்வரிலிருந்து சரியான படத்தோடு திரும்பி வந்தது. அந்தப் பெண் என் எழுத்தை அப்போதுதான் முதல் தடவையாக முழுக்கப் படித்தார். பொம்மைப் பெட்டி நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அப்போதும் கோபம் வந்தது. பாராட்டை அவரிடம் யார் கேட்டது?

சனிக்கிழமை இருவரும் என் காரில் யோங் பெங்குக்குப் போனோம். ஆயர் ஹீத்தாம் ஊரைத் தாண்டியதும் அவர் கேட்டார், “அனுப்புறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க பாஸ். வேற எடத்துல வேல தேடினா பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸ மாத்தணும்.” ஸ்கூல் பஸ்! ஒன்பது வருடம் வேலை செய்தவர், என்னிடம் கேட்க வேண்டியது அதுதானா? நான் வண்டியை ஓட்டினேன். என் புரோகிராம் பதினோரு கடையிலிருந்தும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம் என்றுதான் அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடையில் பாய் தயாராக இருந்தார். அந்தச் செம்பனை லோரிக்காரரையும் வரவழைத்து உட்கார வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பாய் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார், அந்தப் பெண்ணைச் சொல்லவில்லை.

“வாங்க. படிப்பெல்லாம் ஏட்டுலதான் போலிருக்கு” என்று அவரிடம் ஆரம்பித்தார்.

அந்தப் பெண் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். அவர் நின்ற விதம் எனக்குத் தாங்கவில்லை. கோபம் தலைக்கு ஏறியது, பாய் மேலும், லோரிக்காரர் மேலும், அவர் மேலும்.

“நான் எழுதினது பாய்.”

“என்னண்ணே?”

“நான்தான் எழுதினேன். ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதினேன். இவங்க பார்க்கட்டுமான்னு கேட்டாங்க, நான் காட்டல. தப்பு எங்கன்னு கேள்வியும் கேட்டாங்க, நான் கத்தினேன். கண்டுபிடிச்சது இவங்க. யாரையாவது அனுப்பணும்னா என்னத்தான் அனுப்பணும். என் கம்பெனி, நான் எங்க போறது?”

சத்தமாகத்தான் சொன்னேன். ஸ்டோரில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லோரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். வீணான குலை அவருடையது, சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது.

பாய் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். டேப்லெட்டில் புதியதை ஏற்றினோம். பாய் தானே நின்று நானூறு, ஐந்நூறு எண்களைத் தட்டச் சொல்லி, ஒவ்வொரு படத்தையும் சாமானோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. ஒன்றுகூட மாறவில்லை.

“புரோகிராம் இருக்கட்டும் அண்ணே. ஆனா இனிமே இவங்க பார்த்துச் சரின்னு சொல்லாம என் கடைக்கு ஒரு எழுத்து வரக்கூடாது. நீங்க எழுதினாலும் சரி லா, நீங்க எழுதினாத்தான் முக்கியமா.”

அதை அந்தப் பெண்ணின் முன்னால் சொன்னார். லோரிக்காரர் முன்னால் சொன்னார். ஒத்துக்கொண்டேன், வேறு வழி இல்லை.

அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர் மேசைக்குப் போய்விட்டுத்தான் கடைக்குப் போகிறது. சிவப்புப் பேனாவால் குறித்துத் திருப்பித் தருகிறார். மிகவும் மரியாதையாகக் குறிக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான்கில் ஒரு தடவை அவர் சொல்வது சரி. போன வாரம் ஓர் இடத்தில் ‘இங்கே நிறைந்தால் என்ன ஆகும்?’ என்று எழுதியிருந்தார். மூன்று நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். பிறகு பெட்டியை இரண்டாகக் குறைத்து ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை நான் எழுதினது சரியாகத்தான் இருந்தது. தாளில் பெரிதாக ‘ஒன்றும் ஆகாது’ என்று எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.